தட்டிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு மீன்

ராயபுரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நல்ல சுவர்கூடக் கிடையாது. நான் பாடம் நடத்திய நாலாம் வகுப்புக்கும் அவர் நடத்திய ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி, அவ்வளவுதான். அப்போது வெள்ளைக்காரன் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அவர் சத்தமாகப் பாடம் நடத்துகிறார் என்று தினம் சண்டை போடுவேன். அவர் லீவு போட்ட நாளில் எனக்கு வகுப்பே ஓடாது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

அவர் தற்காலிக வாத்தியார். இன்ஸ்பெக்டர் பாடத்தைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சிங்கப்பூரில் அண்ணன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், கப்பல் ஏறவேண்டியதுதான். அந்தச் சோதனை யாருக்கு என்று நினைத்தீர்கள்? எனக்குத்தான்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று, பாடக்குறிப்பில் அவர் எழுதியிருந்த பாடம் பின்னம். ஆரம்பிக்கும் முன்னால் பிள்ளைகளிடம் பழைய பாடத்தில் நாலு வகுத்தல் கேட்டார். பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். வந்த இன்ஸ்பெக்டர் சும்மா இருக்காமல், "பன்னிரண்டைச் சைபரால் வகுத்தால்?" என்றார்.

"சைபர் சார்!" மொத்த வகுப்பும் கத்தியது. பெருக்கலில் சைபர் வந்தால் விடை சைபர் என்று ராகம் போட்டுப் படித்த பழக்கம். கோரஸில் ஒரு குரல் தப்பினால் எல்லாக் குரலும் அதன் பின்னாலேயே போய்விடும்.

'தப்பு, விடை கிடையாது' என்று சொல்லிவிட்டுப் பின்னத்துக்குப் போங்கள் சார் என்று தட்டிக்கு இந்தப் பக்கம் நான் துடித்தேன். அவரா போவார்? பன்னிரண்டு புளியங்கொட்டையை மேஜையில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"இதெல்லாம் மீனு. மூணு பேர் வாங்க. சமமா பங்கு போட்டா ஆளுக்கு எத்தனை?"

"நாலு சார்!"

"சரி, மூணு பேரும் போய் உக்காருங்க. இப்போ ஆளுக்கு எத்தனை?"

ஒரு பையன் சிரித்தான். "ஆளே இல்லியே சார், யாருக்குன்னு சொல்றது?"

அடுத்து, கடற்கரையில் கூறு வைத்து மீன் விற்பவளின் மகளைக் கூப்பிட்டார். கூறுக்கு மூன்று மீன் வைத்தால் எத்தனை கூறு என்றார். நாலு என்றாள். "கூறுக்குச் சைபர் மீன் வைம்மா." அவள் வெறுங்கையை மேஜையில் வைத்து வைத்து எடுத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய், "எத்தினி கூறு போட்டாலும் மீனு அப்டியே கீது சார், எப்ப முடியறது?" என்றாள்.

"பன்னிரண்டை மூணால வகுத்தா நாலு. நாலை மூணால பெருக்கினா திரும்பப் பன்னிரண்டு வருது. சைபர்தான் விடைன்னா, சைபரைச் சைபரால பெருக்கு. பன்னிரண்டு வருதா?"

"வர்ல சார். சைபர்தான் வருது. மீனு எங்க போச்சு?"

"வேற எந்த எண்ணைச் சைபரால பெருக்கினாலும் சைபர்தான். பன்னிரண்டு வரவே வராது. அதனால விடையே கிடையாது."

அப்பாடா, முடிந்தது என்று மூச்சு விட்டேன். அந்தக் கூறுக்காரி மகள் விடவில்லை. "சார், சைபரையே சைபரால வகுத்தா?"

அடி பாவி மகளே! நாளைக்குக் கேட்கக்கூடாதா?

அவர் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீயே சொல்லு, விடை என்ன?" அவள் அஞ்சு என்றாள். "பெருக்கிப் பாரு." அஞ்சு சைபர் சைபர், சரியாக வந்துவிட்டது. இன்னொருத்தன் ஏழு என்றான், அதுவும் சரி. நூறும் சரி. "எதைச் சொன்னாலும் சரியா வருது. அப்போ இதுதான் விடைன்னு ஒண்ணை எப்படி எடுக்கறது? அதனால இதையும் வகுக்க முடியாதுன்னு விட்டுடறோம்."

மணி அடித்துவிட்டது. பின்னம் தொடங்கவே இல்லை.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. விளக்கம் சரி என்றுதான் எழுதினார். கூடவே, குறிப்பிலுள்ள பாடம் நடத்தப்படவில்லை என்றும் எழுதினார். வேலை போவதற்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

கடைசி நாள் தட்டி ஓரம் வந்து நின்றார். "அந்தப் பொண்ணு கேட்டதை அப்படியே விட்டுட்டுப் பாடத்துக்குப் போயிருக்கணுமா டீச்சர்?"

ஆமாம் என்று கத்தணும்போல இருந்தது. "இல்ல சார். நீங்க செஞ்சதுதான் சரி" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் எந்தக் கப்பல் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பிற்பாடு தட்டியை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் வைத்தார்கள். நானும் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்த வந்தேன். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் கோரஸாகச் சைபர் என்பார்கள், நானும் புளியங்கொட்டையைக் கொட்டுவேன். அந்தக் கேள்வியைப் பாதியில் விடுகிற ஆளாக இருந்திருந்தால் அவர் இங்கேயே இருந்திருப்பார். ஆனால் எனக்கு அவர்மேல் ஆசை வந்திருக்காது.