முன்பல்லில் ஒரு பள்ளம்

"நீங்கள் வந்து ஆறு வருடமாகிறது. உங்கள் சிரிப்பைப் பார்க்க ஆசையாக இருக்கிறது" என்று பல் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. தையற்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூலைப் பல்லால் கடிக்காதே என்று டாக்டரம்மா கண்டித்த நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. ஒரு பல்லும் ஆடவில்லை என்று காட்டிவிட்டு வரத்தான் கிளம்பினாள்.

டாக்டரம்மா வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "மத்ததெல்லாம் நல்லா இருக்கு. முன்பல்லுலதான் நூல் போன இடம் பள்ளமாயிருக்கு. அடைச்சிடவா?"

எழுந்து உட்கார்ந்த தையற்காரியின் கண்ணில் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் தொங்கிய பட்டன் பட்டது. தன் ரவிக்கைக் கழுத்தில் குத்தியிருந்த நூல் கோத்த ஊசியை எடுத்துத் தைத்து முடிச்சிட்டாள். டாக்டரம்மா கத்தரிக்கோலுக்குக் கை நீட்டுவதற்குள் நூல் பல்லில் அறுந்தது.

"அடைச்சிடாதீங்க டாக்டர். அதுதான் என் கத்தரிக்கோல்."