எல்லைக்கு இந்தப் பக்கம் உழைத்த வருஷங்கள்

அரசு மருத்துவமனையில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்த மருத்துவர்கள்கூட அப்படித்தான். எலும்பு முறிந்து அலறிக்கொண்டு வருகிறவர்களை, "மூச்சை இழுத்துப் பிடிங்க, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க, வீட்டுல யாரையாவது திட்டணும்னா அப்புறமா திட்டிக்கலாம்" என்று சிரிக்கவைத்தே படம் எடுத்துவிடுவாள். அவள் சிரிக்கவைத்த அளவுக்கு அவள் சிரித்தவள் இல்லை. அவளுடைய வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கணவன் பக்கத்து மாநிலத்தில் ஒரு துறைமுகப் பட்டறையில் வெல்டர். அவனுடைய அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டதால் அவனால் ஊரை விட்டு அசைய முடியவில்லை. எக்ஸ்ரே அக்காவுக்கு எப்போது வேண்டுமானாலும் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும். அவள் வாடகைக்கு இருந்ததோ ஒற்றை அறை. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்தபோது, அவள் அப்பாவோடு இருக்கட்டும் என்று முடிவானது. கொஞ்ச காலம் என்றுதான் நினைத்தார்கள். அந்தக் கொஞ்ச காலம் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று ஏறிக்கொண்டே போனது.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் நேரே பஸ் நிலையம். மலைப்பாதையில் ஏறி இறங்கி, சோதனைச் சாவடி தாண்டி, பொழுது சாயும்போது வீடு. மகள் வாசலில் நிற்பாள். ஞாயிறு சாயங்காலம் அவள் மறுபடி பஸ் ஏறும்போது, மகள் ஜன்னலுக்குக் கீழே நின்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். பஸ் நகரக் கூடாது என்பதற்காகவே கேட்கிற கேள்விகள். "அம்மா, மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்யுதா?" "அம்மா, நம்ம கத்திரிக்கோல் எங்க வெச்ச?" கண்டக்டர் விசில் ஊதியதும் அந்தக் குரல் நின்றுவிடும். மலை ஏறும்வரை எக்ஸ்ரே அக்கா வெளியே பார்த்தபடியே வருவாள். பக்கத்து சீட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்த மாநில அரசு எக்ஸ்ரே தொழில்நுட்பர் பணிக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தபோது, அவள் தன் துறை வழியாகத்தான் விண்ணப்பித்தாள். துறையும் ஆட்சேபணை இல்லை என்று சான்று கொடுத்தது. தேர்வானாள். ஒரு மாதத்துக்குள் வந்து சேர வேண்டும் என்று நியமன ஆணை வந்தது. அன்று மகளிடம் போனில் சொன்னபோது அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. "என்னடி, கேக்குதா?" என்றாள். "கேக்குது. நெஜமாவானு யோசிக்கிறேன்" என்றாள் மகள்.

சிக்கல் இந்தப் பக்கத்தில் இருந்தது. மருத்துவமனைக்கு எக்ஸ்ரே எடுக்க அவள் ஒருத்திதான். மாற்று ஆள் வராமல் விடுவிக்க முடியாது என்று கண்காணிப்பாளர் கையை விரித்தார். நல்ல மனுஷன்தான். அவளுடைய அவசரமும் அவருக்குப் புரிந்தது. ஒரு வழியும் சொன்னார்.

"இங்க பாரும்மா, சொந்தக் காரணத்துக்காக ராஜினாமா பண்றேன்னு நாலு வரி எழுதிக் குடு. இன்னிக்கே மேல அனுப்பி ஏத்துக்க வெச்சுடறேன். வேலைய விட்டுப் போறவங்கள யாரு புடிச்சு வைக்க முடியும்? நாளைக்கே உன் பொண்ணுகிட்ட இருக்கலாம்."

"என் பழைய சர்வீஸ், சார்?"

"அது போயிடும். அங்க புதுசா ஆரம்பிப்ப."

"வேற அரசு வேலையில சேர, அனுமதியோட ராஜினாமான்னு எழுதினா?"

"அப்படின்னா இங்க இருந்த வருஷமும் அங்க சேரும். ரெண்டு அரசுக்கும் அப்படி ஒப்பந்தம் இருக்கு. ஆனா அதுக்கு அனுமதி வரணும், விடுவிப்பு ஆணை வரணும். மாற்று ஆள் இல்லாம அது வராது. உன் இஷ்டம்."

அவள் தயங்கியதற்குக் காரணம் அவளுடைய அப்பா. அவர் அரசு அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். பத்து வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்தபின், அரசுக்குச் சொந்தமான காகித ஆலைக் கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. அனுமதி வாங்கிக்கொண்டு போயிருந்தால், போன நாள் வரைக்குமான சர்வீஸுக்கு ஏற்ற ஓய்வூதியமாவது அரசிடமிருந்து வந்திருக்கும். அவர் அவசரப்பட்டு, சொந்தக் காரணம் என்று ராஜினாமா எழுதிவிட்டார். தானாக விட்டுப் போனவருக்குப் பழைய பணிக்காலம் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. ஆலையிலோ ஓய்வூதியமே கிடையாது. கடைசிக் காலத்தில் அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அச்சகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவார். "அந்த வருஷமெல்லாம் நான் எங்க இருந்தேன்னே ஒரு ரெக்கார்டும் இல்ல பாரு" என்பார். பணத்தைவிட, அந்தச் சொல்லை நினைத்துத்தான் அவளுக்குக் கை வரவில்லை.

கணவனுக்கு அதெல்லாம் ஏறவில்லை.

"பதினாலு வருஷ சர்வீஸ் போனா போயிட்டுப் போவுது. நீ வா. இந்தப் பொண்ணு தினமும் காலண்டர கிழிக்குது, தெரியுமா?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாங்க? உங்க அம்மாவுக்கும் வயசாகுது, நமக்கும் ஆகும். அப்ப கையில என்ன இருக்கும்?"

"ஆமா, அப்ப யோசிக்கலாம். இப்ப வாழலாம்."

இருவரும் போனை வைத்துவிட்டார்கள். அந்த வாரம் அவள் ஊருக்குப் போகவில்லை. போயிருந்தால் திரும்பி வந்திருக்கமாட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

அவள் இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் போய் மாற்று ஆள் கேட்டாள். பார்க்கிறோம் என்றார்கள். அந்த மாநிலத்துக்குச் சேரும் நாளைத் தள்ளிவைக்கக் கேட்டு எழுதினாள். தள்ளிக் கொடுத்தார்கள், இதற்கு மேல் தரமாட்டோம் என்றும் சொன்னார்கள்.

இதற்கு நடுவில் ஒரு நாள், மகள் பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். கணவன் போன் செய்தபோது எக்ஸ்ரே அக்கா வேறு ஒரு குழந்தையின் கையைப் படம் எடுக்கும் தட்டின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையின் அம்மா அதன் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். அன்று அவள் யாரையும் சிரிக்கவைக்கவில்லை. படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அறையைச் சாத்தினாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'எனது சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதினாள். அடுத்த வார்த்தையை எழுதுவதற்குள் மறுபடி போன்.

"கட்டுப் போட்டாச்சு. பயப்படாத. சின்ன விரிசல்தானாம்."

"படம் யாரு எடுத்தா?"

"இங்க இருக்கற பையன்தான்."

"கைய எப்படி வெச்சு எடுத்தான்? ரெண்டு பக்கமும் எடுத்தானா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றவன், அவள் அழுவது கேட்டதும் குரலை இறக்கினான். "நீ ராஜினாமா எழுதிக் குடுத்துடப் போறியோன்னுதான் கூப்பிட்டேன். வேணாம். நான் அன்னிக்கு ஆத்திரத்துல பேசிட்டேன். இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. முறையா வாங்கிட்டு வா. நாங்க எங்கயும் ஓடிப்போகமாட்டோம்."

பிறகு மகள் போனில் வந்தாள். "அம்மா, மூச்சை இழுத்துப் பிடின்னு அந்த அண்ணா சொல்லவே இல்ல" என்றாள். கைக்கு எடுக்கும்போது அது தேவையில்லை. எக்ஸ்ரே அக்கா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள்.

புது வேலையில் சேரக் கொடுத்திருந்த நாள் முடிவதற்கு இரண்டு நாள் முன்பு மாற்று ஆள் வந்து சேர்ந்தார். வேறு அரசுப் பணியில் சேர அனுமதியோடு கொடுத்த ராஜினாமாவை ஏற்று விடுவிப்பதாக ஆணை வந்தது. கண்காணிப்பாளரே அதைக் கொண்டுவந்து கொடுத்து, "நீ போனப்புறம் எங்க நோயாளிங்க எல்லாம் அழுதுகிட்டே படம் எடுக்கணும்" என்றார். மறுநாளே அவள் எல்லையைத் தாண்டி வேலையில் சேர்ந்தாள்.

மகளுக்கு அப்போது பதினோரு வயது. தலையை அவளே வாரிக்கொள்ளப் பழகியிருந்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். அழுகை வந்தால் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா சீப்பை எடுத்தால், "வேணாம்மா, நானே பண்ணிக்குவேன்" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். முதல் மாதம் முழுக்க எக்ஸ்ரே அக்கா அந்த வீட்டில் விருந்தாளி போல இருந்தாள். தண்ணீர்க் குடம் எங்கே, தீப்பெட்டி எங்கே என்று மகளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து ஏங்கியபோது ஏங்குவதற்கு ஓர் இடம் இருந்தது. இப்போது அந்த இடத்திலேயே இருந்துகொண்டு எதற்கு ஏங்குகிறோம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பழைய பணிக்காலத்தைச் சேர்க்கிற வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. பழைய துறை அவளுடைய பணிப்பதிவேட்டைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். இப்போது வேலை பார்க்கும் மாநில அரசு அதை ஏற்று உத்தரவு போட வேண்டும். பிற்பாடு முழு ஓய்வூதியத்தையும் இந்த அரசே தரும். நினைவூட்டல் மேல் நினைவூட்டல் எழுதி, கடைசியில் பதில் வந்தது. ஊதியமில்லா விடுப்பில் இருந்த சில மாதங்களைத் தவிர, மற்றதெல்லாம் தகுதியான பணிக்காலம்.

புதிய அலுவலகத்துப் பிரிவு அதிகாரி, பொறுமையான பெண்மணி, அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். "இது என்ன விடுப்பு? உடம்பு சரியில்லாம எடுத்ததா? மருத்துவச் சான்று இருந்தா அதையும் சேர்த்துக்கலாம். பழைய மருத்துவமனையில கேட்டுப் பாருங்களேன், உங்களுக்குத் தெரியாத டாக்டரா?"

கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாதங்களில் அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பேறுகால விடுப்பு முடிந்தபின், குழந்தையை விட்டுப் போக மனமில்லாமல் சம்பளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்த காலம் அது. மகள் குப்புற விழுந்ததும், தவழ்ந்ததும், முதன்முதலில் அவளைப் பார்த்து அம்மா என்றதும் அப்போதுதான்.

"நோயாளியா இல்ல மேடம். பிள்ளையோட இருந்தேன்."

"அப்ப அது கணக்குல வராதே."

"வராட்டிப் பரவாயில்லைங்க. அது அப்படியே இருக்கட்டும்."

அதிகாரி அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, மற்ற வருஷங்களைச் சேர்த்து உத்தரவுக்கு எழுதினார்.

எக்ஸ்ரே அக்கா ஓய்வு பெற்றபோது இரண்டு மாநிலத்து வருஷமும் சேர்ந்து ஓய்வூதியம் வந்தது. மாமியார் அதற்கு முன்பே போய்விட்டார். கணவனுக்குப் பட்டறையில் கண் பார்வை மங்கி, வேலையை விட நேர்ந்தது; அவளுடைய ஓய்வூதியத்தில்தான் இருவரும் கவலையில்லாமல் இருந்தார்கள். "நல்லவேளை, என் பேச்சை நீ கேக்கல" என்று அவன் அடிக்கடி சொல்வான்.

மகள் படித்து, வேலை கிடைத்து, மலைக்கு அந்தப் பக்கம், அம்மா முன்பு வேலை பார்த்த ஊருக்கே அருகில் குடியேறினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். நலம் விசாரித்து முடிந்தபின்னும் எக்ஸ்ரே அக்கா வைக்கமாட்டாள். அங்கே வெயில் எப்படி, தண்ணீர் வருகிறதா, வீட்டுக்காரர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். மகளும் எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்வாள்.