பதினைந்தாம் இடத்தில் ஒரு கதவு

நீரேற்று நிலையங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் பதினாறு. அவருக்கு இது தெரியும். வருத்தமில்லை. இன்னொருவரை அங்கே தூங்குமூஞ்சி என்று கூப்பிடுகிறார்கள்; அதோடு ஒப்பிட்டால் இது பட்டம்.

பெயருக்குக் காரணம் அவருடைய தொழில்நுட்பச் சிக்கனம். நிலையத்திலிருந்து நகரத்தின் மறுமுனையில் இருக்கும் கண்காணிப்புத் திரைக்குச் செய்தி போவது பழைய ரேடியோ வழியாக. அது நத்தைக்குத் தம்பி. பம்பு ஓடுகிறதா, பழுதா, வால்வு திறந்ததா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அனுப்பினால் போய்ச் சேருவதற்குள் பம்பே தேய்ந்துவிடும். ஆகவே பதினாறு எல்லாவற்றையும் ஒரே ‘வேர்டு’க்குள் அடைத்துவிடுவார். வேர்டு என்பது பதினாறு அறை கொண்ட ஒரு பெட்டி. ஒவ்வோர் அறையிலும் ஒரு பிட்: ஒன்று அல்லது பூஜ்யம். உண்டு அல்லது இல்லை. அறைகளுக்குப் பூஜ்யம் முதல் பதினைந்து வரை எண். பெட்டி மொத்தமும் ஒரே எண்ணாகப் போகும். திரை அதைப் பிரித்து விளக்குகளை எரிய விடும்.

வீட்டிலும் இதே கைதான். மூன்று பேர் ஊருக்குப் போனாலும் ஒரு பைதான். அவர் மனைவி பல் தேய்க்கும் பிரஷ்ஷைத் தேடி எடுப்பதற்குள் ரயில் இரண்டு நிலையம் தாண்டிவிடும்.

இந்தக் கதை நடந்த நிலையத்தில் மூன்று பம்புகள். பம்புக்கு நான்கு பிட் என்று பன்னிரண்டு. தொட்டி குறைவு, தொட்டி நிறைவு, மின்சாரம் சரி என்று இன்னும் மூன்று. கடைசி அறை மட்டும் ஆறு வருடமாகக் காலி. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கை அரிக்கும்.

அரிப்புக்கு மருந்து மேலாளரிடமிருந்து வந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும் பேனல் அறையின் கதவு திறந்திருந்தால் திரையில் தெரிய வேண்டும் என்றார். பதினாறு கதவில் ஒரு சுவிட்சை மாட்டி, அதைப் பதினைந்தாம் எண் அறையில் குடியேற்றினார். லேப்டாப்பை இணைத்துக் கதவைத் திறந்தார், பிட் ஒன்றானது. மூடினார், பூஜ்யமானது. திரையில் விளக்கு வரைந்தது வேறொருவர் வேலை. அங்கே தெரிகிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரம். பெட்டி நிரம்பிய திருப்தியில் வயிறும் நிரம்பட்டும் என்று கிளம்பிவிட்டார்.

அந்தத் திரைக்கு முன்னால் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பது அவருடைய சொந்த அக்கா.

மறுநாள் காலை அக்காவின் திரையில் அந்த நிலையத்தின் விளக்குகள் அத்தனையும் சாம்பல் நிறமாயின. பம்பு இல்லை, வால்வு இல்லை, மின்சாரம்கூட இல்லை. அலாரமும் இல்லை, பழுது பிட் ஒன்றானால்தான் அலாரம் அடிக்கும், அதுவும் பூஜ்யம். அவள் நிலையத்துப் பம்புக்காரருக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, பம்பு நின்னுடுச்சா?”

“இருங்கம்மா, உள்ள போய் பாத்துட்டு சொல்றேன்… எல்லாம் நல்லா ஓடுது.”

“இங்க எல்லாம் செத்துக் கிடக்கே. சரி, வண்டியை அனுப்புறேன்.”

வண்டி போய்ச் சேரும்போது திரையில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. வண்டிக்காரர்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள், ஓடியது. போன் போட்டார்கள், அவள் திரை மறுபடி சாம்பல். இது ஒரு வாரத்தில் ஆறு தடவை நடந்தது. நடந்ததற்குப் பதிவு எதுவும் கிடையாது. அந்தத் திரை அலாரங்களை மட்டும்தான் எழுதி வைக்கும். அக்காவின் வாய்ச்சொல்தான் மிச்சம்.

வண்டியை வீணாக அனுப்பியதற்கு மேலாளர் அவளிடம் காரணம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் திருப்தியான பதில் வராவிட்டால் திரையிலிருந்து எடுத்துப் புகார் கவுண்டரில் போடுவார்களாம். புகார் கவுண்டர் என்பது ஊரின் மொத்தக் கோபமும் வரிசையில் நிற்கும் இடம்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அக்கா தம்பியைப் பார்த்துச் சொன்னாள்: “எனக்குக் கண்ணு தெரியலையாம்டா. கண்ணாடி மாத்தச் சொன்னாரு நம்ம மேலாளர்.”

“ப்ரோக்ராம்ல ஒண்ணும் இல்லக்கா. நானே பாத்தேன்.”

“நீ பாத்தா சரிதான். உன் பையில கையை விட்டா எது வரும்னு உனக்கே தெரியாது.”

வெள்ளிக்கிழமை காலை அவர் நிலையத்துக்குப் போனார். அக்காவின் கண்ணில்தான் கோளாறு என்று பாதி நம்பிக்கொண்டுதான் போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பம்புக்காரர் பேனல் அறையைத் திறந்து, கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தார். உள்ளே புழுக்கம் தாங்காது. யார் வந்தாலும் அந்தச் செங்கல்தான் வரவேற்பு. அவருடைய டீ பிளாஸ்கும் அங்கேதான் இருந்தது.

பதினாறு லேப்டாப்பை இணைத்தார். எல்லா பிட்டும் சரி. அக்காவுக்குப் போன் போட்டார்.

“எப்படி இருக்கு?”

“சாம்பல்.”

“இங்க எல்லாம் ஓடுதேக்கா.”

“உனக்கும் கண்ணாடி மாத்தணுமோ என்னவோ.”

ரேடியோ ஆன்டெனாவைப் பார்க்கலாம் என்று போனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்தார். கடைசியாக வந்த பம்புக்காரர் செங்கல்லைக் காலால் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

“வந்துடுச்சு,” என்றாள் அக்கா.

“என்ன வந்துச்சு?”

“எல்லாம்தான். நீ என்னடா பண்ணின?”

அவர் ஒன்றும் பண்ணவில்லை. கதவைப் பார்த்தார். திறந்தார். “போயிடுச்சு.” சாத்தினார். “வந்துடுச்சு.” ஐந்து தடவை. ஆறாவது தடவை திறக்கும்போது பம்புக்காரர், “தம்பி, கீல் பாவம்,” என்றார்.

செங்கல்லை மறுபடி முட்டுக் கொடுத்துவிட்டு, அக்காவிடம் திரையின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து இந்த நிலையத்து எண்ணைப் படிக்கச் சொன்னார்.

“வந்தது மைனஸ் பதினஞ்சாயிரத்து நூத்தி முப்பத்தொம்பது. காட்டுறது பூஜ்யம். கீழ் எல்லை பூஜ்யம்னு போட்டிருக்கு.”

பதினாறு அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்தார். கல்லூரியில் படித்துப் பரீட்சையோடு மறந்த பாடம் இப்போது எழுந்து வந்தது. வேர்டைக் குறியுள்ள எண்ணாகப் படிக்கிற இடத்தில், கடைசி பிட் வெறும் அறை அல்ல. அது மைனஸ் குறி. கதவு மூடியிருந்தால் பதினேழாயிரத்துச் சொச்சம். திறந்தால் அதிலிருந்து முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் கழிந்து எண் மைனஸுக்குள் விழுகிறது. திரையை அமைத்தவர் பூஜ்யத்துக்குக் கீழே எது வந்தாலும் பூஜ்யமாக்கி வைத்திருந்தார். எண் பூஜ்யமானால் பதினாறு அறையும் பூஜ்யம். கதவு விளக்கும் உட்பட. பம்பு ஓடுகிறதா என்று பார்க்கப் போகிறவர் கதவைத் திறப்பார். திறந்ததும் திரையில் பம்பு நிற்கும். இதைவிட நேர்த்தியாக ஓர் எதிரி திட்டம் போட்டிருக்க முடியாது.

இதைத் திரையின் தவறு என்றும் எழுதலாம். திரையை அமைத்தவர் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மறுத்துப் பேச வரமாட்டார். அலுவலகம் வரும்வரை பதினாறு அந்த வாக்கியத்தை மனத்துக்குள் மூன்று விதமாக எழுதிப் பார்த்தார். மூன்றுமே நன்றாக இருந்தன.

மூன்றரை மணிக்கு மேலாளர் முன்னால் நின்றார்.

“அந்த அம்மா பார்த்தது நிஜம் சார். கதவைக் கடைசி பிட்ல வச்சது நான். திரையில பார்க்காம போனதும் நான்.”

மேலாளர் யோசித்தார். “அப்போ கதவைத் திறக்கக் கூடாதுன்னு ஒரு போர்டு மாட்டிடலாமா?”

“வேண்டாம் சார். கதவை வேற வேர்டுக்கு மாத்திட்டேன்.”

அக்காவின் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. பதினாறுக்கு ஒரு கடிதம் வந்தது; தாள் அதேதான், பெயர் மட்டும் மாறியிருந்தது.

புது வேர்டில் கதவு பூஜ்யம் எண் அறையில் தனியாகக் குடியிருக்கிறது. மற்ற பதினைந்து அறைகளும் காலி. கை அரிக்கிறது, பதினாறு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அக்காவின் திரையில் முதல் முறையாகக் கதவு விளக்கு எரிந்தது. பம்புகள் பச்சையாகவே இருந்தன. அவள் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“அண்ணே, டீ குடிச்சாச்சுன்னா கதவைச் சாத்துங்க.”

அந்தப் பக்கம் செங்கல் நகரும் ஓசை கேட்டது.