மூன்றாவதும் பதினொன்றாவதும்

புஷ்பவல்லி டீச்சரிடம் எதையாவது குறைக்கச் சொன்னால் அவளுக்குக் குறைக்கத் தெரியாது. நிறுத்தத்தான் தெரியும். குன்னூரிலிருந்து ஊட்டி போகும் வழியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒருமுறை காப்பி வயிற்றுக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே காப்பி வடிகட்டியைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டு வந்தாள். செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும், அரைகுறை வேலை ஆகாது என்பது பொள்ளாச்சியிலிருந்து மலையேறி வரும்போதே அவள் கூடக் கொண்டுவந்த குணம். அந்தக் குணம்தான் அவளை நல்ல வேதியியல் டீச்சர் ஆக்கியது. அவள் புருஷனைச் சாவின் வாசல் வரைக்கும் கொண்டுபோனதும் அதே குணம்தான்.

புருஷன் ஏகநாதன் தொழிற்சாலையில் படம் வரையும் பிரிவில் இருந்தார். ஸ்கேல் வைக்காமல் கோடு போட்டாலும் கோணாது என்று மேலதிகாரிகளே சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் எழுபத்தெட்டாம் வருஷம் மூன்று வாரம் ஒரு பொட்டுத் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தார். ஒரே நாளில் மூன்று சைக்கிள் வாங்கினார். கடைசியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று, கேத்தி பள்ளத்தாக்கைத் தனக்கு எழுதிவைத்துவிட்டார்கள் என்று கூப்பாடு போட்டார். புஷ்பவல்லி அவரை மஞ்சள் காமாலை என்று சொல்லி லீவு போடவைத்துக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனாள். அங்கே மனநல டாக்டர் லித்தியம் மாத்திரை எழுதினார். ஒரு மாதத்தில் மனிதர் பழைய ஏகநாதன் ஆகிவிட்டார். மாத்திரையின் பெயரைக் கேட்டபோது புஷ்பவல்லிக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் வருஷா வருஷம் எழுதுகிற மூன்றாம் எண் தனிமம், தன் வீட்டு அலமாரிக்கே வந்துவிட்டதே என்று நினைத்தாள்.

மாத்திரைகள் பழைய ஓவல்டின் டப்பாவுக்குள் போயின. விஷயமும் அதோடு உள்ளே போனது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் புத்தி பேதலித்தவன் என்று ஒரு சொல் கிளம்பினால் வேலை நிலைக்குமா? பக்கத்து வீட்டு மரகதத்துக்குக்கூடத் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஐந்தாவது வருஷத்தோடு அதையும் விட்டுவிட்டார்கள். மனிதர்தான் நன்றாக இருக்கிறாரே.

எண்பத்தாறு மார்ச்சில் தொழிற்சாலை டிஸ்பென்சரியில் ஏகநாதனுக்கு ரத்தக் கொதிப்பு என்றார்கள். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று அந்த டாக்டர் கேட்கத்தான் கேட்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இல்லைங்க என்றார்கள். அப்படியானால் முதலில் உப்பைக் குறைத்துப் பார்ப்போம், அப்புறம் மாத்திரை என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பவல்லி உப்பு ஜாடியைத் தூக்கி மரகதத்திடம் கொடுத்துவிட்டாள். ஊறுகாய் போயிற்று, அப்பளம் போயிற்று, மோர் மிளகாயும் போயிற்று. ரசம் வெறும் புளித்தண்ணீர் ஆனது. நான்காம் நாள் ஏகநாதன் தட்டைத் தள்ளிவைத்தார்.

"புஷ்பா, ஒரு கல்லு உப்பாச்சும் போடு. மண்ணத் திங்கற மாதிரி இருக்குது."

"நாக்கப் பாத்தா முடியாதுங்க. எனக்கு உங்க உசுரு வேணும்."

அவரும் தின்றார். அவள் சொன்னால் அவர் கேட்பார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஊரே சொல்லும்போது, அந்தக் குப்பையை மூன்று வாரம் வாய் பேசாமல் தின்ற மனிதர் அவர்.

இரண்டாம் வாரத்தில் அவர் கை நடுங்கத் தொடங்கியது. பென்சில் பிடித்தால் கோடு பாம்பு மாதிரி நெளிந்தது. பிறகு வாந்தி. பிறகு நடை தள்ளாடி, பேச்சுக் குழற ஆரம்பித்தது. ஏகநாதன் குடிக்கிறார் என்று குடியிருப்பில் ஒரு பேச்சு புறப்பட்டது. புஷ்பவல்லிக்கு அந்தப் பேச்சு பெரிதில்லை. பழைய நோய் வேறு வேஷத்தில் திரும்பி வருகிறது என்று அவள் பயந்தாள். கோயமுத்தூருக்குக் கூட்டிப்போகலாம் என்றால், திங்கட்கிழமை முதல் ஊட்டியில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். போகாவிட்டால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை முகாம் முடிந்ததும் போகலாம், அதுவரை மாத்திரை ஒருவேளைகூடத் தப்பக் கூடாது என்று முடிவெடுத்தாள். காலை மாத்திரையை வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மதிய மாத்திரையை மரகதத்திடம் சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்திருந்தாள்.

முகாமில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு முப்பது தாள். அந்த வருஷ அறிவியல் தாளில் இரண்டு மார்க் கேள்வி ஒன்று: ஒரே தொகுதியில் உள்ள தனிமங்கள் ஒத்த பண்புகளைக் கொண்டிருப்பது ஏன்? அவள் வகுப்பில் இதற்குத் தரையில் கோடு போட்டு ஆளை நிறுத்திக் காட்டுவாள். தனிமங்களை அணு எண் வரிசையில் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எலக்ட்ரான் கூடும். ஒரு கூடு நிரம்பி அடுத்த கூடு தொடங்கும்போது புது வரிசை ஆரம்பமாகும். அப்படி நிறுத்தினால் மூன்றாம் எண் லித்தியத்துக்கு நேர் கீழே பதினொன்றாம் எண் சோடியம் வந்து நிற்கும். அதற்குக் கீழே பத்தொன்பது, பொட்டாசியம். மூன்றுக்கும் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான். அதைக் கொடுத்துவிட்டு ஒற்றை நேர்மின் சுமையோடு நிற்பதுதான் மூன்றுக்கும் சுபாவம். எத்தனை எலக்ட்ரான் உள்ளே இருக்கிறது என்பதை வெளியாள் பார்ப்பதில்லை, வாசலில் இருப்பதைத்தான் பார்க்கிறான் என்பாள். தாள்களில் பிள்ளைகள் அதையே புத்தக வார்த்தையில் எழுதியிருந்தார்கள்: வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் எண்ணிக்கை சமமாக இருப்பதால். சரி, இரண்டு மார்க். சரி, இரண்டு மார்க். மனசு வீட்டில் இருந்தது. சிவப்பு மைப் பேனா தானாகப் போய்க்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை ஏகநாதன் படுக்கையை விட்டு எழவில்லை. கூப்பிட்டால் கண் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். அவள் அவரைத் தூக்கி உட்காரவைத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு, மரகதத்தைக் காவல் வைத்துவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறினாள். பக்கத்து நாற்காலி ஜூடித் டீச்சர் என்ன என்று கேட்டதற்கு, சளி என்றாள்.

பதினொன்றரை மணிக்கு, பதினேழாவது தாள். சமையல் உப்பின் வேதிப்பெயர் என்ன என்ற ஒரு மார்க் கேள்விக்கு, எந்த ஊர்ப் பிள்ளையோ, 'லித்தியம் குளோரைடு' என்று எழுதியிருந்தது. புஷ்பவல்லி அதன் மேல் ஒரு கோடு இழுத்துப் பூஜ்யம் போட்டாள். அடுத்த பக்கம் திருப்பப் போன கை அப்படியே நின்றது.

முட்டாள் பிள்ளை இல்லை அது. ஒரே தொகுதி, வாசலில் ஒரே எலக்ட்ரான், அதனால் ஒன்றை இன்னொன்றாக எண்ணிவிட்டது. பிள்ளைக்கே இந்தக் குழப்பம் என்றால் சிறுநீரகத்துக்கு? அதற்கு எழுதப் படிக்கத் தெரியுமா? ரத்தத்தை வடிகட்டும்போது உடம்புக்கு வேண்டிய சோடியத்தைத் திரும்ப இழுத்துக்கொள்வது அதன் வேலை. உப்பே உள்ளே வராவிட்டால் பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி கிடைத்ததையெல்லாம் இழுத்துக்கொள்ளும். சோடியம் போகிற வாசலில் லித்தியமும் நிற்கிறது. வெளியே போக வேண்டிய லித்தியம் மூன்று வாரமாக வெளியே போகவில்லை. அவள் மேலும் மேலும் ஊட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூர் டாக்டர், உப்பும் தண்ணீரும் வழக்கப்படி இருக்கட்டும், குறைக்காதீர்கள் என்று சொன்னது இப்போது கணீரென்று காதில் கேட்டது.

முகாமில் முதன்மைத் தேர்வாளர் குமாரசாமி. முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவர், கறார் பேர்வழி. தாயார் செத்த தந்தி வந்தவரைக்கூட விடைத்தாள் கட்டை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அவள் போய் நின்றபோது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பதிமூன்று தாள் பாக்கி இருக்கிறதே டீச்சர் என்றார். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியவில்லை என்றாள். எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்றார் அவர்.

ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேருக்கும் தெரிந்தால் நாளைக்கு நீலகிரி முழுக்கத் தெரியும். புஷ்பவல்லி அந்தத் தாளை அவர் முன்னால் வைத்து, சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு எட்டு வருசமா லித்தியம் சாப்பிடறாருங்க சார். புத்தி பேதலிச்சதுக்கு. நான் மூணு வாரமா அவருக்கு உப்பே போடலீங்க."

ஹாலில் பேனா ஓடும் சத்தம் நின்றது. குமாரசாமி அந்தக் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்கு விளங்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கெளம்புங்க. கட்டு இங்கயே கெடக்கட்டும். மொதல்ல மாத்திரைய நிறுத்தச் சொல்லுங்க, நான் டிஸ்பென்சரிக்குப் போன் போடறேன்."

தொழிற்சாலை ஆம்புலன்ஸில் மலை இறங்கினார்கள். பர்லியாறு தாண்டும்போது ஏகநாதனுக்கு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்து, தீச்சுடரின் நிறத்தை அளக்கும் கருவியில் வைத்தார்கள். சிறுநீரகத்துக்குத் தெரியாத வித்தியாசம் தீக்குத் தெரியும். சோடியம் மஞ்சளாய் எரியும், லித்தியம் சிவப்பாய் எரியும். இருக்க வேண்டியதைப் போல் மூன்று மடங்கு லித்தியம் இருந்தது. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போட்டார்கள், அப்புறம் கையில் பாட்டில் ஏற்றினார்கள். அதில் என்ன மருந்து என்று அவள் நர்ஸிடம் கேட்டாள். மருந்து இல்லைங்கம்மா, வெறும் உப்புத் தண்ணிதான் என்றாள் நர்ஸ். புஷ்பவல்லி சுவரோரமாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

உயிர் நின்றது. கை நடுக்கமும் குழறலும் போகவில்லை. மூளையின் பின்பக்கம் கெட்டுவிட்டது, இனி முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். அவர் நல்ல மனிதர், குற்றம் சொல்லும் நோக்கம் அவருக்கு இல்லை. இருந்தாலும் வாயில் வந்துவிட்டது.

"ரெண்டு நாளைக்கு முன்னாடி கொண்டாந்திருந்தா தப்பிச்சிருக்கலாம்மா."

தொழிற்சாலையில் ஏகநாதனுக்குப் படம் வரையும் வேலை போய், கேட்டில் டோக்கன் வாங்கும் வேலை கொடுத்தார்கள். இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். ஒருநாள்கூட அவளை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அவள்தான் ஒவ்வொரு முறையும், உப்பு சரியாங்க என்று கேட்பாள். அவர் நடுங்கும் கையால் வாய்க்குக் கொண்டுபோய், ஒரு வார்த்தையை உருட்டி உருட்டி, சரி என்பார்.

அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த இரண்டு நாள் ஞாபகம் வரும். திங்கள் முப்பது தாள், செவ்வாய் முப்பது தாள். அறுபதில் நாற்பத்தேழு பிள்ளைகள் அந்த இரண்டு மார்க் கேள்வியில் அவள் புருஷனைக் காப்பாற்றும் விடையைச் சரியாக எழுதியிருந்தார்கள். நாற்பத்தேழுக்கும் அவள் சரி போட்டு, மார்க் கொடுத்து, பக்கத்தைத் திருப்பியிருந்தாள்.