கவிழ்த்து வைத்த பேச்சுத்தாள்

என் தங்கை மகள் போனில் தண்ணீர் சுத்திகரிப்பான் விற்கும் வேலையில் சேர்ந்த புதிதில், மேலண்ணத்தில் ஒட்டிய அவள் நாக்கைப் பெயர்க்கத் தச்சரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. என்ன பேச வேண்டும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்த பேச்சுத்தாள்தான் காப்பாற்றியது. வணக்கம் முதல் உத்தரவாதம் வரை எல்லாம் அதில் இருந்ததால் பயம் தெளிந்தது. விற்பனை மட்டும் ஆகவில்லை. அந்த வாரமும் ஆகாவிட்டால் வேலை போய்விடும்.

அன்று போனை எடுத்தவர் ஒரு தையல்காரர்.

"தண்ணியில உப்பும்மா. நீராவி இஸ்திரிப் பெட்டி அடைச்சுக்குது."

இவள் தாளைப் பார்த்து, "மிக்க மகிழ்ச்சி சார்! உங்கள் குழந்தைகளின் ஆரோக்கியத்திற்கு..." என்று வாசித்தாள்.

"எனக்குக் கல்யாணமே ஆகல! ஏம்மா, நீ மனுஷியா, டேப் ரெக்கார்டரா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாளைக் கவிழ்த்தாள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. அடைச்சா துணி என்ன ஆகுது?"

"வெள்ளைச் சட்டையில கறை துப்புதும்மா. தைக்கக் குடுத்த ஒரு கல்யாண மாப்பிள்ளையோட சட்டைய வேற கெடுத்துடுச்சு!"

அவர் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டாள். உப்பை எடுக்கும் சுத்திகரிப்பானைப் பற்றிச் சொன்னாள். விலையும் உத்தரவாதமும் சொல்லும்போது மட்டும் தாளை நிமிர்த்தி, எழுத்துப் பிசகாமல் வாசித்தாள்.

"இப்பத்தான் ஆள் பேசுற மாதிரி இருக்கு. அனுப்பி வை."

வேலை நிலைத்தது. எங்கள் வீட்டுத் துணியெல்லாம் இப்போது அவரிடம்தான் தைக்கிறோம். தாளைக் கவிழ்த்த கதையை அவள் சொல்ல, அந்தத் தாளுக்கும் அவரே ஓர் உறை தைத்துக் கொடுத்தார், அழகாகப் பொத்தான் வைத்து. தேவைப்படும்போது திறக்க, மற்ற நேரம் மூட!