நான்காம் சுற்றில் மங்கலம்

மங்கலத்துக்கு வயது நாற்பத்து மூன்று. பிறந்தது சுசீந்திரத்தில், வாழ்க்கைப்பட்டது எல்லைக்கு அப்பால், மலையாள நாட்டுக் கரமனையில். கப்பல் சரக்கு ஆவண வேலையில் பதினாறு ஆண்டு அனுபவம். வேலையில்லாமல் பதினொரு மாதம். தம்பானூரில் உள்ள ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் ஆவணப் பிரிவின் பொறுப்பாளர் பணிக்காக மூன்று சுற்று நேர்காணல் முடிந்திருந்தது.

முதல் சுற்றில் ஷைஜு என்ற இளைஞர் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொன்னார். அவர் வைத்திருந்த பிழைகள் ஆறு. மங்கலம் ஏழு காட்டினார். இரண்டாம் சுற்றில் செயல்பாட்டுத் தலைவர் ஜெஸி, ஒரே நாளில் நாற்பது கண்டெய்னர் பெட்டி வந்தால் யாருக்கு எந்த வேலையைப் பிரித்துக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். மூன்றாவதில் பணியாளர் பிரிவின் அஸ்வதி சம்பளம் பேசினார். "இனி ஃபௌண்டர் ரவுண்டு மட்டும்தான் சேச்சி. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி," என்று சிரித்து அனுப்பினார்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் மங்கலம் வந்திருந்தார். ஆனால் நிறுவனர் அருமைநாயகத்தின் மேசையில் ஜெஸி எழுதிய குறிப்புத் தாள் ஒன்று மட்டும் விரிந்திருந்தது. பழைய வேலை போன காரணத்தை மங்கலம் சொல்லியிருந்தது ஜெஸியிடம்.

"வேல உங்களுக்குத் தெரியும்னு மூணு பேரும் எழுதிட்டாங்க. நான் அதக் கேக்கப் போறதில்ல," என்றார் அறுபத்தாறு வயது அருமைநாயகம். "பழைய கம்பெனில ஆள் குறைச்சாங்கன்னு ஜெஸிகிட்ட சொல்லியிருக்கீங்க. அங்க ஒரு ஆளயும் குறைக்கல்ல. உங்க பழைய முதலாளியும் நானும் ஒரே முதலாளிமார் சங்கத்துலயாக்கும்."

எழுந்து போய்விடலாமா என்று மங்கலம் நினைத்தார்.

"முந்திரி சரக்கு சார்," என்று கடைசியில் தொடங்கினார். "கப்பல் ரெண்டு நாள் பிந்திப் போச்சு. பேங்க் குடுத்திருந்த கெடு தாண்டிட்டு. பில்லுல பழைய தேதி போடுன்னு முதலாளி சொன்னாரு. போட்டேன்."

சரக்கு கப்பலில் ஏறிய நாளைக் காட்டும் அந்தப் பில்லை நம்பித்தான் வங்கி பணம் தரும். சரக்கை வாங்கியவர் கப்பலின் பயண விவரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். முதலாளி, குமாஸ்தாவின் கைப்பிழை என்று எழுதிக் கொடுத்து மங்கலத்தை வெளியே அனுப்பினார்.

"செரி," என்றார் அருமைநாயகம். "அடுத்த மாசம் எனக்கு இருதய ஆபரேஷன். மகள் லிபி கனடாவுலருந்து திரும்பி வரமாட்டா. விழிஞ்ஞம் துறைமுகத்துல புதுசா ஆபீஸ் தொறக்கேன், ரெண்டு எடத்துலயும் நான் நிக்க முடியாது. பில்லுல குத்துற ரப்பர் முத்திரை உங்க கையிலதான் இருக்கும். அதுல உள்ள பேரு என்னோடது. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துட்டு நானே ஃபோன்ல, பழைய தேதி போடுங்கன்னு சொன்னா?"

போடமாட்டேன் என்பது எளிய பதில். அதை அவர் நம்பமாட்டார் என்று மங்கலத்துக்குத் தெரிந்திருந்தது.

"அன்னைக்கும் பயந்துதான் சார் போட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா வேல போனா என்ன ஆகும்னு பதினொரு மாசம் பாத்துட்டேன். அதவிடப் பெருசா நீங்க ஒண்ணும் செஞ்சிர முடியாது. முடியாதுன்னு எழுதி அனுப்பிட்டு, முத்திரைய ஜெஸி மேடத்துட்ட குடுத்துருவேன்."

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடிவு பண்ண வேண்டியது நான் இல்ல. நீங்க பொய் சொன்னது எங்கிட்ட இல்லயே. ஜெஸிட்ட போய் நீங்களே சொல்லுங்க. தினமும் உங்க கூட இருக்கப்போறது அவங்களாக்கும்."

நடைவழி இருபது அடிதான். அதைக் கடக்கையில் மங்கலம் இரண்டு முறை நின்றார். இந்த வேலை கைநழுவினால் ஊரில் இந்தத் தொழிலில் வேறு கதவே இல்லை, முதலாளிகள் எல்லோருக்கும் சங்கம் ஒன்றுதான்.

ஜெஸி முழுவதையும் கேட்டார். தட்டச்சை நிறுத்தாமலே மலையாளம் கலந்து பேசினார்.

"எண்டம்மோ! அன்னைக்கு அந்த ஆள்குறைப்புக் கதைய எத்தர அழகா சொன்னீங்க மேடம். எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு, கேட்டோ?"

"மன்னிச்சிருங்க."

"இனி கம்பெனிக்குள்ள பொய் பறஞ்சா சார்ட்ட போகவே வேண்டாம். நானே வெளிய தள்ளுவேன்." விசைப்பலகையிலிருந்து கை எடுத்தார். "திங்கள்கிழமை வாங்க. ஒவ்வொரு பில்லுலயும் ரெண்டு கையொப்பு. மொதல்ல உங்களது, அப்புறம் என்னுது. தனியா ஒப்புப் போடுறது நான் சொல்லும்போதாக்கும்."

மங்கலம் திங்கள்கிழமை சேர்ந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் அருமைநாயகம் தொலைபேசியில் சரக்கு நிலவரம் விசாரித்தார்; தேதியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை அவர் எண் திரையில் தோன்றியபோதும் மங்கலம் எழுந்து நின்றுதான் எடுத்தார்.

தனியாகக் கையெழுத்திடும் உரிமை கிடைக்க ஆன காலம்: ஓர் ஆண்டு, இரண்டு மாதம்.