ஒன்றே முக்கால் மீட்டர்

தேங்காய்த்திட்டில் ஒரு செல்போன் டவர். அதில் புதிதாக ஆறு ஆண்டெனாக்கள் மாட்ட வேண்டும், தாங்குமா என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் சிறிய கன்சல்டன்சிக்கு வந்தது. கணக்குப் போட்டவன் நான்.

ஆண்டெனாவின் எடை பெரிதில்லை, அதன் பரப்பில் மோதும் காற்றுதான் தொல்லை. உச்சியில் பரப்பு கூடினால் அடியில் கால்களுக்கு வரும் விசை பல மடங்காகிறது. நான்கு கால்களும் கணக்கில் தப்பித்தன. நடுவில் இரண்டு குறுக்குக் கம்பிகள் மட்டும் தாங்கவில்லை. அவற்றுக்குத் துணையாக L வடிவ இரும்புச் சட்டம் வைத்தால் போதும். மிச்சம் அடித்தளம். காற்றடிக்கும்போது ஒரு பக்கத்துக் கால் மேலே பிடுங்கப்படும். அதைப் பிடித்து வைப்பது கான்கிரீட்டின் எடையும் அதன் மேலுள்ள மண்ணும்தான்.

வரைபடத்தில் ஆழம் மூன்று மீட்டர். இடத்தின் சொந்தக்காரரான பெரியவர், மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவர், டவரை ஒட்டிய வீட்டில் இருப்பவர், அதைக் கேட்டுச் சிரித்தார்.

"மூணா? ஆளுயரம் தோண்டினதுமே தண்ணி ஊறிடுச்சி தம்பி. அதிலயே கலவைய கொட்டிட்டு போய்ட்டாங்க."

ஒரு கால் பக்கத்தில் பள்ளம் எடுத்து, தண்ணீரை மோட்டாரில் இறைத்து அளந்தேன். ஒன்றே முக்கால் மீட்டர். மண்ணும் தண்ணீரில் மூழ்கியிருந்தது. அப்படி மூழ்கிய மண் பாதி எடையே தரும். கணக்கில் அடித்தளம் தோற்றது. சுற்றிக் கான்கிரீட் போட்டுப் பெரிதாக்காமல் ஆண்டெனா ஏற்றக் கூடாது என்று எழுதினேன்.

முதலாளி அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"செல்போன் கம்பெனிக்காரன் இந்த வாரமே ஏத்தணும்ங்கிறான். டிராயிங்ல மூணுன்னு இருக்கில்ல, அதையே போடு."

"நான் அளந்தேன் சார்."

"ஒரு காலுதான அளந்த?"

நான் போடவில்லை. அவரே மாற்றி, அறிக்கையில் நான் வைத்திருந்த பள்ளத்தின் படத்தை நீக்கிவிட்டு, கையெழுத்திட்டார். நான் வேலையை விடவில்லை. வீட்டுக் கடன் இருந்தது என்று சொல்லலாம். பயந்தேன் என்பதுதான் உண்மை. ஆண்டெனா ஏறியபோது பெரியவர் கேட்டார்.

"தாங்கும்ல தம்பி?"

"ஆபீஸ்ல பாத்துட்டாங்க அய்யா," என்றேன்.

மழைக்காலத்தில் புயல் வந்தது. டவர் நின்றது. நாங்கள் கணக்கில் எடுத்த காற்றின் வேகத்தில் பாதிகூட அன்று அடிக்கவில்லை. முதலாளி எல்லோர் முன்னாலும், "நிக்குது பாத்தியா," என்றார். மறுநாள் பெரியவர் போனில் வந்தார்.

"அக்கம்பக்கத்துல எல்லாரும் டவர் விழுந்துடுமோன்னு பள்ளிக்கூடத்துல தங்கப் போய்ட்டாங்க. நீங்க தோண்டிப் பாத்தவராச்சேன்னு நாங்க புள்ளைங்களோட வீட்லயே இருந்துட்டோம்."

அப்போதுதான் சொன்னேன், எல்லாவற்றையும்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றார், கோபமில்லாமல். போனை வைத்துவிட்டார்.

கம்பெனிக்கும் நகராட்சிக்கும் என் பெயரில் கடிதம் எழுதினேன். வேலை போனது. பதில் இன்னும் வரவில்லை.